பிரெஞ்சு பேச்சுக்கு மார்க் போட ரூப்ரிக் செய்யறது எப்படி: ஒரு ரோல்பிளேயை வச்சு முழுசா பாக்கலாம்

கிளாஸ்ல பிரெஞ்சு ஓரல் டெஸ்ட் வைக்கிற நிறைய பேர் எழுத்துப் பரீட்சைக்கு வச்சிருக்கிற மார்க் ஷீட்டையே கொஞ்சம் மாத்தி பேச்சுக்கும் வச்சுக்கிறாங்க. இலக்கணம் 5, சொல்வளம் 5, உச்சரிப்பு 5, சரளம் 5, மொத்தம் 20, முடிஞ்சது வேலை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போட்டேன். ஒரு தடவை பழைய ரெக்கார்டிங் ஒண்ணை எடுத்து முன்னாடி போட்ட மார்க்கைப் பாக்காம திரும்பப் போட்டுப் பாத்தா, அதே பொண்ணுக்கு அதே பேச்சுக்கு 4 மார்க் வித்தியாசம். "சரளம் 5-க்கு 3"ன்னா என்னன்னு எனக்கே தெரியல, அன்னிக்கு மனசு எப்படி இருந்துச்சோ அதுதான் 3.

இங்க ஏ2 லெவல், அதாவது அடிப்படை நிலையில ரெண்டாவது படியில இருக்கிற வகுப்பு ஒண்ணு, ரெண்டு பேர் பேசுற ஒரு ரோல்பிளே, அதுக்கு ஒரு ரூப்ரிக், அதாவது எப்படிப் பேசினா எவ்வளவு மார்க்னு சொல்ற அட்டவணை, இதை மட்டும் எடுத்துக்கிட்டு ஆரம்பத்துல இருந்து முடிவு வரை போறேன். ஒண்ணை உருப்படியா செஞ்சுட்டா மத்ததுக்கு மாத்திக்கிறது பெரிய விஷயம் இல்ல.

எழுத்து பத்தி முன்கூட்டியே ஒண்ணு. பிரெஞ்சு சொற்களை தமிழ்லதான் எழுதப்போறேன், அதனால அதிர்ற "ஸ்" ஒலிக்கு, அதாவது தேனீ பறக்கிற மாதிரி வர்ற ஒலிக்கு, "ஃஸ்"னு போட்டிருக்கேன். மீனுக்கு "புவாஸோன்", விஷத்துக்கு "புவாஃஸோன்". ரெண்டையும் ஒரே மாதிரி சொல்ற மாணவர் ஹோட்டல்ல என்ன ஆர்டர் பண்ணுவார்னு யோசிச்சுக்கோங்க.

1. முதல்ல டாஸ்க், அப்புறம்தான் ரூப்ரிக்

எதுக்கு மார்க் போடப்போறோம்னு தெரியாம கட்டம் போட ஆரம்பிக்காதீங்க. நம்ம டாஸ்க் இது: அ-ங்கிறவர் ஆ-வை சனிக்கிழமை சினிமாவுக்குக் கூப்பிடணும். ஆ-வோட கார்டுல சனிக்கிழமை வேலை இருக்குன்னு இருக்கும், அதனால மறுக்கணும், காரணம் சொல்லணும், வேற நாள் சொல்லணும். கடைசியில ரெண்டு பேரும் நாள், நேரம், இடம் மூணையும் முடிவு பண்ணணும். மூணு நாலு நிமிஷத்துக்கு மேல ஆகாது.

கார்டுல முழு பிரெஞ்சு வாக்கியம் எழுதவே கூடாது, எழுதினா அதை அப்படியே வாசிச்சுடுவாங்க, நீங்க வாசிப்புக்கு மார்க் போட்டுட்டு பேச்சுக்குப் போட்டதா நினைச்சுக்குவீங்க. படமோ அவங்க தாய்மொழியில ரெண்டு வார்த்தையோ போதும்.

இன்னொரு சின்ன ஏற்பாடு: பேசி முடிச்சதும் ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு சீட்டுல முடிவான நாள், நேரம், இடத்தை எழுதித் தரணும். ரெண்டு சீட்டும் ஒத்துப்போகுதான்னு பாத்தாலே பேச்சு உண்மையிலேயே போய்ச் சேர்ந்துச்சா இல்ல ரெண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தாங்களான்னு தெரிஞ்சுடும். இது எனக்கு எத்தனை தடவை கை கொடுத்திருக்குன்னு சொல்ல முடியாது.

நேரத்தையும் கணக்குப் பண்ணிக்கோங்க. 30 பேர்னா 15 ஜோடி, பேச நாலு நிமிஷம், மார்க் குறிக்க ரெண்டு நிமிஷம், மொத்தம் 90 நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல ரெண்டு பேருக்குப் போட முடியாத ரூப்ரிக் பேப்பர்ல எவ்வளவு அழகா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

2. நாலு அளவுகோல் போதும்

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல வெளியிட்ட பொது மொழிச் சட்டகத்துல, அதான் ஏ1, ஏ2, பி1னு லெவல் பிரிக்கிறதே, அதுல ஒரு நடைமுறை விஷயம் சொல்லியிருக்காங்க: நாலஞ்சு வகைக்கு மேல போனா மார்க் போடுறவருக்கு மண்டை கனக்க ஆரம்பிச்சுடும், ஏழுதான் உச்சவரம்பு. என் அனுபவத்துல ஏழெல்லாம் ரெக்கார்டிங் போட்டுக் கேக்கிறவங்களுக்கு. நேர்ல உக்காந்து ரெண்டு பேரைக் கவனிக்கிறப்போ நாலே அதிகம்தான்.

நான் வைக்கிறது: வேலை முடிஞ்சுதா, உரையாடல் ஓடுச்சா, காதுக்குப் புரிஞ்சுதா, மொழி எப்படி இருந்துச்சு. கடைசியில இலக்கணமும் சொல்வளமும் ஒண்ணா இருக்கு, இந்த லெவல்ல ரெண்டையும் பிரிச்சா அதே தப்பு ரெண்டு இடத்துல மார்க்கைக் குறைக்கும். ஏற்கனவே நம்ம கை அந்தப் பக்கம்தான் சாயும், இன்னும் சாய்க்க வேண்டாம்.

ஒவ்வொண்ணுக்கும் நாலு லெவல். அஞ்சு வேண்டாம், அஞ்சு வச்சா சந்தேகம் வர்றப்போ எல்லாம் நடுவுல இருக்கிற 3-ல போய் உக்காந்துக்குவோம். நாலுன்னா கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முடிவு பண்ணியே ஆகணும். வாயே திறக்கலைன்னா மட்டும் 0.

3. காதுல விழாததுக்கு மார்க் குறைக்காதீங்க

பிரெஞ்சுக்குன்னு தனியா யோசிக்க வேண்டிய இடம் இதுதான், எங்கயோ இருந்து எடுத்த ஆங்கில ஓரல் ரூப்ரிக்கை அப்படியே பிரெஞ்சுக்கு வச்சா இங்கதான் உடையும்.

பிரெஞ்சு எழுத்துல இருக்கிற இலக்கணத்துல பாதி வாயில வராது. "நான் பேசுறேன், நீ பேசுற, அவங்க பேசுறாங்க" மூணுக்கும் வினை எழுத்துல வேற வேற, ஒலியில மூணுமே "பார்ல்"தான். அப்போ மாணவர் மனசுல தப்பான விகுதியை நினைச்சுக்கிட்டு சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போறது இல்ல, தெரியாததுக்கு "வினை விகுதிகளைச் சரியா பயன்படுத்துகிறார்"னு ரூப்ரிக்ல ஒரு வரி எழுதினா அது கற்பனைக்குப் போடுற மார்க்.

அதனால ஒரு பேப்பர் எடுத்து, உங்க வகுப்புல இதுவரை நடத்தினதுல காதால பிரிச்சுக் கேக்க முடியிறது எதுன்னு மட்டும் எழுதுங்க. ஏ2-க்கு என்னோட லிஸ்ட் சின்னதுதான். "இல் ப்ரான்" அவன் எடுக்கிறான், "இல் ப்ரென்" அவங்க எடுக்கிறாங்க, இது கேக்கும். "ப்தி"க்கும் "ப்தித்"துக்கும் இருக்கிற ஆண்பால் பெண்பால் வித்தியாசம் கேக்கும். "ழ த்ராவாய்"னு சொல்ல வேண்டிய இடத்துல "ழ த்ராவாயே"ன்னு சொன்னா கேக்கும், அது வினையைத் திரிக்காம அகராதியில இருக்கிறபடியே எடுத்துப் போட்டது. "போனேன்"னு சொல்ல "ழ ஸ்வி அலே" வரணும், "ழே அலே"ன்னு வந்தா துணைவினை தப்பு, அதுவும் நல்லா கேக்கும்.

அதுக்கு நேர் எதிரா, தப்பு மாதிரி கேட்டாலும் தப்பு இல்லாத விஷயங்களும் உண்டு. "முடியாது"ன்னு சொல்ல புத்தகத்துல "ழ ந பெ பா", ஆனா பிரெஞ்சுக்காரங்க பேச்சுல அந்த "ந"வை விழுங்கிட்டு "ழ பெ பா"ன்னுதான் சாதாரணமா சொல்றாங்க. "நாம போலாம்"ங்கிறதுக்கு "நூ"ன்னு ஆரம்பிக்காம "ஓன் வா"ன்னு சொல்றதும், வாக்கிய அமைப்பை மாத்தாம கடைசியில குரலை மட்டும் ஏத்திக் கேள்வி கேக்கிறதும் அப்படித்தான். நண்பரை சினிமாவுக்குக் கூப்பிடுற இடத்துல இது எல்லாமே சரியான பிரெஞ்சு. இதுக்கு மார்க் குறைக்க மாட்டோம்னு ரூப்ரிக் தாளோட அடியிலேயே எழுதி வச்சுடுங்க, இல்லன்னா சிவப்பு பேனா பழக்கம் விடாது.

4. உச்சரிப்பு வரியை எப்படி எழுதுறது

இதுலதான் ரொம்ப சறுக்குவோம், அதனால இதை முழுசா சொல்றேன். "நல்ல உச்சரிப்பு", "ஓரளவு நல்ல உச்சரிப்பு", "அடிக்கடி பிழை", "சில நேரம் பிழை" மாதிரி வரிகள் எதுக்கும் உதவாது. எத்தனை தடவை வந்தா அடிக்கடி? உங்களுக்கு ஒண்ணு, பக்கத்து வகுப்பு டீச்சருக்கு ஒண்ணு. பிரெஞ்சுக்காரர் மாதிரி பேசுறாரான்னு பாக்கிறதும் வேண்டாம். மேல சொன்ன சட்டகத்துலயே பழைய ஒலி அட்டவணை சரிப்பட்டு வரலைன்னு 2018-ல புதுசா எழுதினாங்க, அதுல முக்கியத்துவம் புரியிற மாதிரி பேசுறதுக்குத்தான், தாய்மொழிக்காரர் மாதிரி ஒலிக்கிறதுக்கு இல்ல.

அப்போ எதைப் பாக்கணும்? கேக்கிறவர் எவ்வளவு கஷ்டப்பட்டார்னு பாருங்க, அது கண்ணுக்குத் தெரியிற விஷயம். என்னோட நாலு வரி இதுதான்:

- 4: எந்த இடத்துலயும் திரும்பக் கேக்க வேண்டி வரல. அர்த்தத்தை மாத்துற ஒலிகளும் சேர்ப்பொலிகளும் சரியா விழுந்துச்சு.
- 3: திரும்பக் கேக்க வேண்டி வரல, ஆனா ஒண்ணு ரெண்டு சொல்லை, முன்னாடி பின்னாடி என்ன பேசினாங்கன்னு வச்சுத்தான் புரிஞ்சுக்க முடிஞ்சுது.
- 2: ஒலியால ஒண்ணு ரெண்டு தடவை தப்பா புரிஞ்சுது, இல்ல திரும்பக் கேக்க வேண்டி வந்துச்சு, திரும்பச் சொன்னதும் புரிஞ்சுது.
- 1: திரும்பச் சொல்லியும் புரியாத இடங்கள் இருக்கு, இல்ல ரெண்டு தடவைக்கு மேல திரும்பக் கேக்க வேண்டி வந்துச்சு.

முதல்ல எழுத வேண்டியது 2-க்கும் 3-க்கும் நடுவுல இருக்கிற கோடு, அதுதான் இந்த அளவுகோல்ல தேறினாரா இல்லையாங்கிற கோடு. மேலயும் கீழயும் அதுக்கப்புறம் தானா வந்துடும். 4-ல இருந்து ஆரம்பிச்சு கீழ இறங்கினா ஒவ்வொரு வரியும் "மேல சொன்னது கொஞ்சம் குறைவா"ன்னு ஆகிப்போயிடும்.

"அர்த்தத்தை மாத்துற ஒலிகள்"னு சும்மா எழுதினா போதாது, எதெதுன்னு சொல்லணும். இந்த டாஸ்க்குக்கு நான் மூணு எடுத்துக்கிட்டேன். முதலாவது, உதட்டைக் குவிச்சு "இ" சொல்ற மாதிரி வர்ற ஒலிக்கும் சாதாரண "உ"வுக்கும் உள்ள வித்தியாசம், "நீ"ங்கிற "த்யு"வும் "எல்லாம்"ங்கிற "து"வும். ரெண்டாவது மூக்கொலி, "நல்ல"ங்கிற "போன்" மூக்குல முடியணும், மூக்கை விட்டா "அழகான"ங்கிற "போ" ஆயிடும். மூணாவது மணி சொல்றது. ரெண்டு மணி "தெஃஸ் எர்", பன்னெண்டு மணி "தூஃஸ் எர்". ஒரே ஒரு உயிர் ஒலிதான் வித்தியாசம், மாறினா ஒருத்தர் மதியம் பன்னெண்டுக்கே போய் வாசல்ல நிப்பார்.

சேர்ப்பொலி, அதாவது லியேஃஸோன், சொல் கடைசியில ஒலிக்காம இருக்கிற மெய் அடுத்த சொல்லோட உயிரோட சேர்றப்போ ஒலிக்கிறது, இதுலயும் அர்த்தம் மாறுற இடத்தை மட்டும் பிடிங்க. "இல் ஸோன்"னா அவங்க இருக்காங்க, "இல்-ஃஸோன்"னா அவங்ககிட்ட இருக்கு. இதை எல்லாம் விட்டுட்டு தொண்டையில வர்ற "ர" சரியா வரலைன்னு மார்க் குறைக்கிறவங்க நிறைய பேர். நாக்கு நுனியால உருட்டிச் சொன்னாலும் கேக்கிறவருக்குப் புரியும், அதை கிளாஸ்ல திருத்துங்க, ரூப்ரிக்ல வேண்டாம்.

5. மத்த மூணும்

வேலை முடிஞ்சுதாங்கிறது சுலபம், எண்ணிடலாம். மறுப்பு, காரணம், வேற நாள், நேரம், இடம்னு செய்ய வேண்டியதை வரிசையா போட்டு, எல்லாம் செஞ்சா 4, ஒண்ணு விட்டா 3, அப்படி இறங்குங்க. எப்படிச் சொன்னாங்கங்கிறது இங்க வராது.

உரையாடல் ஓடுச்சாங்கிறதுல நான் வேகத்தைப் பாக்கிறதே இல்ல. வேகமா பேசுறது நிறைய நேரம் மனப்பாடம்தான். பாக்க வேண்டியது சிக்கல் வந்தப்போ என்ன பண்ணினார்ங்கிறது. எதிர்ல இருக்கிறவர் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு பேசினாரா, புரியலைன்னா பிரெஞ்சுலயே கேட்டாரா, சொல் தெரியாதப்போ சுத்திவளைச்சாவது சொன்னாரா, இல்ல தாய்மொழிக்குத் தாவிட்டாரா. 3-க்கான வரி இப்படி இருக்கலாம்: "யோசிக்க நிறுத்தினாலும் உதவி இல்லாம தானே தொடர்ந்தார், குறைஞ்சது ஒரு கேள்வியாவது தானா கேட்டார்."

மனப்பாடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, பேச்சு முடியிற நேரத்துல நீங்களே ஒரு கேள்வி கேளுங்க, கார்டுல இல்லாதது, "படம் எத்தனை மணிக்கு முடியும்?" மாதிரி. அதுவரை அருவி மாதிரி கொட்டினவர் அங்க அப்படியே உறைஞ்சு நின்னா தெரிஞ்சுபோயிடும். எல்லா ஜோடிக்கும் இந்தக் கேள்வி உண்டுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஒருத்தரே பேசி இன்னொருத்தரை விழுங்குற ஜோடிக்கும் இதே மருந்துதான், கேள்வியை அமைதியா இருக்கிறவர் பக்கம் திருப்புங்க.

மொழிக்கு, மூணாவது படியில எழுதின லிஸ்ட்டை எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க. லிஸ்ட்ல இருக்கிற தப்பு ஒண்ணு ரெண்டு வந்தாலும், "ஏன்னா", "ஆனா" போட்டு வாக்கியத்தைக் கோத்தா 3. தனித்தனி சொல்லாவும் பழகின துண்டு வாக்கியமாவும் மட்டும் வந்தா 2.

6. மார்க்கா மாத்துறது

வேலை முடிஞ்சுதாங்கிறதுக்கு ரெண்டு மடங்கு, மத்த மூணுக்கும் ஒரு மடங்கு, ஆக 20:

```
மொத்தம் = (வேலை × 2) + உரையாடல் + ஒலி + மொழி
```

எல்லாத்துலயும் 2 வாங்கினா 10, எல்லாத்துலயும் 3 வாங்கினா 15. உங்க கணக்குல "நல்லா செஞ்சிருக்கான்"ங்கிறது 15-தானான்னு முதல்லயே பாத்துக்கோங்க. டெல்ஃப் பரீட்சைக்குத் தயார் பண்றவங்க கவனத்துக்கு, அங்க பேச்சுக்கு 25, அவங்க அட்டவணையே தனி, இந்த 20-ஐ 1.25-ஆல பெருக்கி "டெல்ஃப்ல இவ்வளவு வரும்"னு யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்க.

7. ஒரு ஜோடிக்குப் போட்டுப் பாக்கலாம்

> அ: த்யு வெ அலே ஓ சினெமா சாம்தி?
> ஆ: தெஃஸோலே, சாம்தி ழ பெ பா... ழ... ழ த்ராவாயே.
> அ: அஆ... திமான்ஷ்?
> ஆ: வுய், திமான்ஷ் சே போன். ஆ கெல் எர்?
> அ: ஆ தூஃஸ் எர்.
> ஆ: தூஃஸ் எர்? மிதி?
> அ: நோன், நோன்! ஆப்ரே மிதி. (ரெண்டு விரலைக் காட்டுறார்)
> ஆ: ஆஆ, தெஃஸ் எர்! தகோர். ஊ?
> அ: தவான் ல சினெமா.
> ஆ: தகோர். ஆ திமான்ஷ்!

சனிக்கிழமை வர்றியான்னு அ கேக்கிறார், ஆ வேலை இருக்குன்னு மறுக்கிறார், ஞாயிறுன்னு முடிவாகுது, அ ரெண்டு மணின்னு நினைச்சு பன்னெண்டு மணின்னு சொல்லிடுறார், ஆ "மதியமா?"ன்னு கேட்டுச் சரிபண்ணிக்கிறார். ரெண்டு சீட்டுலயும் ஞாயிறு, 2 மணி, சினிமா வாசல்னு ஒரே மாதிரி இருக்கு.

அ-வுக்கு: வேலை 4, செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சார். உரையாடல் 3. ஒலி 2, மணி விஷயத்துல தப்பா புரிஞ்சு திரும்பக் கேக்க வேண்டி வந்துச்சு. மொழி 3-ன்னு போட்டேன், கோக்கிற சொல் எதுவும் வரலைன்னாலும் முதல் கேள்வி முழுசா, சுத்தமா இருந்துச்சு. மொத்தம் 16. அந்த மணித் தப்புக்காக வேலையில மார்க் குறைக்கல, ஏன்னா கடைசியில நேரம் சரியா போய்ச் சேர்ந்துடுச்சு, ஒலியில ஏற்கனவே குறைச்சாச்சு.

ஆ-வுக்கு: வேலை 3, வேற நாள் சொல்ல வேண்டியது அவர், சொல்லல. உரையாடல் 4, சந்தேகத்தைப் பிடிச்சு பிரெஞ்சுலயே சரிபண்ணினது அவர்தான். ஒலி 3. மொழி 2, "த்ராவாயே" தப்பு, மத்தது எல்லாம் துண்டு துண்டா. மொத்தம் 15.

இப்போ மனசு உறுத்துதா? எனக்கு உறுத்துச்சு. கேட்டுக்கிட்டு இருந்தப்போ ஆ-தான் பேச்சைத் தூக்கி நிறுத்தினார்னு தோணுச்சு, மார்க்ல அ மேல இருக்கார். இப்படி காதும் கூட்டலும் முட்டிக்கிட்டா மார்க்கை நைசா திருத்திடாதீங்க, எந்த வரி முட்டுதுன்னு தேடுங்க. இங்க தப்பு ஆ மேல இல்ல, கார்டு மேல. அவர் நாள் சொல்றதுக்குள்ள அ முந்திக்கிட்டு "ஞாயிறு?"ன்னு கேட்டுட்டார், அதுக்கப்புறம் ஆ இன்னொரு நாள் சொன்னாதான் விநோதமா இருக்கும். அதனால வரியை "வேற நாள் சொன்னார், இல்ல சொன்ன நாளுக்குத் தெளிவா பதில் கொடுத்தார்"னு மாத்தினேன். ஆ-வுக்கு வேலை 4, மொத்தம் 17.

அப்புறம் அ-வோட மொழி 3-ஐயும் திரும்பப் பாத்தேன். நான் எழுதின வரி கோக்கிற சொல் வேணும்னு சொல்லுது, நான் முதல் வாக்கியத்துல மயங்கி 3 போட்டிருக்கேன். ரூப்ரிக் படி அது 2, மொத்தம் 15. முதல்ல நல்லா விழுந்த ஒரு விஷயம் மத்த கட்டங்களுக்கும் கசியிறது இப்படித்தான். இதுக்காகவே மொழிக் கட்டத்தை நான் எப்பவும் கடைசியா நிரப்புறேன், லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டு.

8. நிஜ டெஸ்ட்டுக்கு முன்னாடி

அனுமதி வாங்கி ஒரு ஆறு பேச்சை ரெக்கார்ட் பண்ணுங்க, நல்லது, சுமார், மோசம்னு கலந்து இருக்கட்டும். இன்னொரு டீச்சர் இருந்தா ரெண்டு பேரும் பேசிக்காம தனித்தனியா மார்க் போடுங்க. ஒரு கட்டத்துல ஒரு லெவல் வித்தியாசம் வர்றது சகஜம், விடுங்க. ரெண்டு லெவல் வந்தா ரெக்கார்டிங்கை நிறுத்தி, "எதைக் கேட்டு இதைப் போட்டீங்க?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க. முக்கால்வாசி நேரம் ஒரே வரியை ரெண்டு பேரும் வேற வேற மாதிரி படிச்சிருப்பீங்க, அந்த வரியைத் திருத்தணும். எப்பவும் ஒரே ஆள் ஒரு லெவல் கம்மியாவே போட்டா அது வரியோட தப்பு இல்ல, அவர் கை இறுக்கம், அது அவருக்கே தெரிஞ்சா போதும்.

தனியா இருக்கிறவங்க ஒரு வாரம் கழிச்சு அதே ஆறையும் வரிசையை மாத்திப் போட்டு, பழைய மார்க்கைப் பாக்காம திரும்பப் போடுங்க. வரிசையை மாத்தச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ரொம்ப நல்லா பேசினவருக்கு அடுத்து வர்ற சுமாரானவர் எப்பவும் மோசமா கேப்பார். டெஸ்ட் அன்னிக்கும் முதல் மூணு ஜோடியோட மார்க்கை பென்சில்ல குறிச்சுக்கிட்டு, எல்லாரும் முடிஞ்சதும் அந்த மூணு ரெக்கார்டிங்கை மட்டும் இன்னொரு தடவை கேளுங்க. ஆரம்பத்துல நாம எவ்வளவு கறாரா இருந்தோம்னு அப்போதான் தெரியும்.